முகப்பைப் பார்ப்பதா, காலால் அறிவதா?

வெனிஸ் நகரத்துப் பழைய கப்பல் கட்டும் தளத்தில், கயிறு திரிப்பதற்காகக் கட்டப்பட்ட மிக நீளமான கூடம் ஒன்று உண்டு. 1980இல் நடந்த கட்டடக்கலைக் கண்காட்சிக்காக அந்தக் கூடத்துக்குள் ஒரு தெருவையே அமைத்தார்கள். இரு பக்கமும் 20 வீட்டு முகப்புகள். ஒவ்வொன்றையும் ஒரு கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். தூண், வளைவு, முக்கோண முகடு என்று ஐரோப்பியக் கட்டடக்கலை அரை நூற்றாண்டாகத் தள்ளிவைத்திருந்த எல்லாமே அங்கே திரும்பி வந்திருந்தன. முகப்புகளைச் செய்துகொடுத்தவர்கள் ரோமின் சினிச்சித்தா ஸ்டூடியோவில் சினிமா செட் போடும் கைவினைஞர்கள். பாவ்லோ போர்த்தோகேசி பொறுப்பேற்று நடத்திய அந்தக் கண்காட்சியின் தலைப்பே கடந்த காலம் நம்மோடு இருக்கிறது என்பதைச் சொல்வதாக இருந்தது. பின்நவீனத்துவக் கட்டடக்கலை ஓர் இயக்கமாக உலகின் முன் வந்து நின்ற இடம் அதுதான்.

கண்காட்சிக் குழுவில் கென்னத் ஃபிராம்ப்டன் என்ற வரலாற்றாசிரியரும் இருந்தார். பிரிட்டனில் பிறந்து நியூயார்க்கில் கற்பித்துக்கொண்டிருந்தவர். கண்காட்சி எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்ததும் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1983இல், தன் மறுப்பை ஆறு பகுதிகள் கொண்ட ஒரு கட்டுரையாக எழுதினார். விமர்சன வட்டாரவாதம் என்ற கருத்து உலகமெங்கும் வடிவமைப்பு மாணவர்களின் பாடத்தில் இடம்பிடித்தது அந்தக் கட்டுரையால்தான். பெயரை முதலில் வைத்தவர் அவரல்ல. 1981இல் கிரேக்கக் கட்டடக் கலைஞர்களான அன்டோனகாகிஸ் தம்பதியரைப் பற்றி எழுதும்போது அலெக்சாண்டர் சோனிஸும் லியான் லெஃபேவ்ரும் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஃபிராம்ப்டன் அதை எடுத்து ஒரு வாதமாக வளர்த்தார்.

இரு தரப்புக்கும் எதிரி ஒன்றுதான் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். நவீனத்துவத்தின் மேல் இருவருக்குமே கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு நியாயமும் இருந்தது.

லெ கார்புசியே 1930 வாக்கில் ஒரு கனவை முன்வைத்தார். எல்லா நாட்டுக்கும், எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஒரே வகைக் கட்டடம். உள்ளே எப்போதும் 18 டிகிரி. காற்றை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், ஜன்னலைத் திறக்கவே வேண்டாம். பாரிஸில் வீடற்றவர்களுக்காக சால்வேஷன் ஆர்மி கட்டிய விடுதியில் இதைச் செய்துபார்க்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1933இல் திறக்கப்பட்ட அந்த விடுதியின் தென்முகம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. இரட்டைக் கண்ணாடிக்கும் குளிரூட்டும் இயந்திரத்துக்கும் பணம் போதவில்லை. குளிர்காலத்தில் சமாளித்தார்கள். கோடை வந்ததும் உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள். கடைசியில் திறக்கும் ஜன்னல்கள் வைக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் வெயில் தடுக்கும் கான்கிரீட் தடுப்புகளும் முகப்பில் ஏறின. சூரியன் எங்கிருந்து வருகிறது என்று கேட்காத கட்டடத்துக்குச் சூரியனே பதில் சொன்னது.

இந்தத் தோல்வியிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. பின்நவீனத்துவர்கள் சொன்னது இது: நவீனக் கட்டடம் மக்களோடு பேசவில்லை. எங்கும் ஒரே கண்ணாடிப் பெட்டி. நூலகம் எது, தொழிற்சாலை எது என்று பார்க்கிறவனுக்குப் புரிவதில்லை. ஆகவே கட்டடத்துக்கு மறுபடி மொழி வேண்டும், மக்களுக்குப் பழக்கமான அடையாளங்கள் வேண்டும். ராபர்ட் வெஞ்சூரி தன் மனைவி டெனிஸ் ஸ்காட் பிரவுனோடும் ஸ்டீவன் ஐசனோரோடும் சேர்ந்து 1972இல் வெளியிட்ட லாஸ் வேகாஸ் பற்றிய நூலில் இதை நேரடியாகவே சொன்னார். சாதாரணக் கொட்டகை ஒன்றைக் கட்டு, சொல்ல வேண்டியதை அதன் முகத்தில் பலகையாக மாட்டு. சாலையோரக் கடைகள் அப்படித்தானே செய்கின்றன?

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பொதுமக்கள் விரும்புவதைக் கட்டடக் கலைஞர்கள் இழிவாகப் பார்த்த காலம் அது. வெஞ்சூரி அந்த மேட்டிமையை உடைத்தார். ஆனால் பலகையை மட்டும் மாற்றினால் போதுமா, கொட்டகைக்குள் இருப்பவர் என்ன ஆவார் என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்கு விடை தந்த கட்டடம் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இருக்கிறது.

1982இல் திறக்கப்பட்ட போர்ட்லண்ட் கட்டடம் நகராட்சி அலுவலகங்களுக்கான 15 மாடிப் பெட்டி. வடிவமைத்தவர் மைக்கேல் கிரேவ்ஸ். முன்முகத்தில் செம்பழுப்பு வண்ணத்தில் பிரம்மாண்டமான இரண்டு தூண் வடிவங்கள், அவற்றின் மேல் வளைவின் நடுக்கல்லை நினைவூட்டும் பெரிய ஆப்பு வடிவம், பக்கங்களில் மாலை போன்ற அலங்காரம். செலவு குறைவு என்பதும் அது போட்டியில் வெல்ல ஒரு காரணம். படத்தில் பார்த்தால் இன்றும் மனத்தில் நிற்கும் கட்டடம் அது. பத்திரிகைகள் அட்டையில் போட்டுக் கொண்டாடின.

ஆனால் அந்தத் தூண்கள் எதையும் தாங்கவில்லை. அந்த நடுக்கல் எந்த வளைவையும் பூட்டவில்லை. எல்லாமே வண்ணத்தாலும் மேற்பூச்சாலும் ஆனவை. முகப்பின் ஓவியம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதால் ஜன்னல்கள் சின்னஞ்சிறு சதுரங்களாகச் சுருங்கின, அதிலும் கறுப்பேறிய கண்ணாடி. உள்ளே வேலை பார்த்தவர்கள் பகலிலேயே இருட்டு என்று புகார் சொன்னார்கள். மழை அதிகமான அந்த ஊரில் சுவர்கள் வழியே நீர் கசிந்தது. இடித்துவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. கடைசியில் ஏறத்தாழ 19.5 கோடி டாலர் செலவில் சீரமைத்து 2020இல் மறுபடி திறந்தார்கள். பழைய முகப்பின் மேல் அதே வண்ணங்களில் அலுமினியத் தகடு போர்த்தி, கறுத்த கண்ணாடியை மாற்றித் தெளிவான கண்ணாடி பொருத்தினார்கள். ஒரு முகப்பைக் காப்பாற்ற அதன் மேல் இன்னொரு முகப்பு.

ஃபிராம்ப்டன் 1983இல் எழுதியபோது இந்தக் கசிவெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவருடைய குற்றச்சாட்டு இதைத்தான் தொட்டது. பின்நவீனத்துவம் கட்டடத்தைக் காட்சியாக்கிவிட்டது என்றார். பிரெஞ்சு மெய்யியலாளர் போல் ரிக்கர் 1960களின் தொடக்கத்தில் எழுப்பிய ஒரு கேள்வியிலிருந்து அவர் தொடங்கினார்: நவீன உலகத்துக்குள் நுழைந்தபடியே நம் ஊற்றுகளுக்கும் திரும்புவது எப்படி? பழங்காலத்தைப் படமாக ஒட்டிக்கொள்வது அதற்கு விடையல்ல என்பது ஃபிராம்ப்டனின் நிலை. ஓர் ஊர் அதன் கட்டடத்தில் இருக்க வேண்டிய இடம் முகப்பு அல்ல. நிலத்தின் மேடுபள்ளம், வெளிச்சம் விழும் கோணம், காற்றின் பாதை, பாரம் தாங்கும் முறை, கைக்கும் காலுக்கும் தட்டுப்படும் பொருள் ஆகியவற்றில்தான் ஊர் இருக்க வேண்டும். மேடான மனையை புல்டோசர் விட்டு மட்டமாக்குவதை அவர் ஊரை அழிக்கும் முதல் வேலையாகவே கண்டார். அதே மனையைப் படிப்படியாகச் செதுக்கிக் கட்டினால் நிலத்தின் வரலாறு கட்டடத்துக்குள் வந்துவிடும் என்றார்.

அவர் காட்டிய உதாரணங்களில் என்னை மிகவும் ஈர்ப்பது ஃபின்லாந்தில், பைஜானே ஏரியின் தீவொன்றில் இருக்கும் சேய்னட்சலோ ஊர் மன்றம். ஆல்வர் ஆல்டோ வடிவமைத்து 1952இல் கட்டிமுடித்தது. மரத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த, சில ஆயிரம் பேரே இருந்த ஊர். கட்டடமும் சிறியதுதான். நான்கு பக்கமும் செங்கல் கட்டடம், நடுவே முற்றம். அடித்தளம் தோண்டிய மண்ணை வெளியே கொட்டாமல் முற்றத்திலேயே நிரப்பியதால், முற்றம் தெருமட்டத்திலிருந்து ஒரு மாடி உயரத்துக்கு எழுந்துவிட்டது. ஆக, ஊர் மன்றத்துக்குள் போக ஏறித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் கருங்கல் படிகள். எதிர்ப்பக்கம் மரச்சட்டங்களுக்குள் மண் நிரப்பிப் புல் வளர்த்த படிகள்.

உள்ளே போனதும் மன்றக் கூடத்துக்கு இன்னொரு ஏற்றம். இருபுறமும் செங்கல் சுவர், காலடியிலும் செங்கல். கூரையை ஒட்டிய ஒடுங்கிய ஜன்னல் வரிசையிலிருந்து மட்டும் வெளிச்சம். சொரசொரப்பான செங்கல் காலைப் பிடித்து நிறுத்துவதால் வேகமாக ஏற முடியாது. கூடத்தின் வாசலைத் தாண்டியதும் தரை மாறிவிடுகிறது. வழவழப்பான மரத்தளம். நடக்கும்போது லேசாக நெகிழ்ந்துகொடுக்கிறது, கொஞ்சம் வழுக்கவும் பார்க்கிறது. காலடி ஓசை மாறுகிறது. மெழுகின் வாசனை வருகிறது. நடை தானாகவே அடங்கி, நிதானத்துக்கு வருகிறது. அண்ணாந்து பார்த்தால் அரையிருளில் இரண்டு மரத் தாங்கிகள். ஒவ்வொன்றிலிருந்தும் விரித்த விரல்களைப் போல மரச்சட்டங்கள் பிரிந்துபோய்க் கூரையைத் தாங்குகின்றன.

இது மதிப்புக்குரிய இடம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. தூண் இல்லை, முகடு இல்லை, சின்னம் இல்லை. உடம்பு அதை அறிந்துகொள்கிறது. ஃபிராம்ப்டன் தன் கட்டுரையின் முடிவில் சொல்ல வந்தது இதைத்தான். கேமராவால் இந்தக் கூடத்தின் பாதியைக்கூடப் பிடிக்க முடியாது, ஏனென்றால் செங்கல்லிலிருந்து மரத்துக்கு மாறும் அந்த ஓரடி படத்தில் விழாது. போர்ட்லண்ட் கட்டடமோ படத்தில்தான் முழுமையாக இருந்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். இது வெறும் மண்வாசனைப் பெருமையா? இல்லை. ஆல்டோவின் முற்றமும் கோபுரம் போன்ற மன்றக் கூடமும் இத்தாலிய மலையூர்களிலிருந்து வந்தவை. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு உயரமான கூடம் எதற்கு என்று கேட்டார்களாம். உலகத்தின் மிக அழகான ஊர் மன்றமான சியேனாவின் கூடம் 16 மீட்டர், நம்முடையது 17 மீட்டர் இருக்கட்டும் என்று ஆல்டோ சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. ஃபின்லாந்துச் செங்கல்லும் மரமும் குளிர்கால வெளிச்சமும் உள்ளூர், எண்ணம் வெளியூர். பழைய ஃபின்னிஷ் வீட்டின் நகல் ஒன்றுகூட அதில் இல்லை.

பெயரில் விமர்சனம் என்ற சொல் இருப்பதற்குக் காரணமும் இதுதான். 1930களின் ஜெர்மனியில் நாஜிகள் சரிவான ஓட்டுக்கூரையை ஜெர்மானியக் கூரை என்றும், தட்டையான கூரையை அந்நியம் என்றும் சொல்லிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். வட்டாரம் என்ற பேச்சு எவ்வளவு எளிதாக நஞ்சாகும் என்பதைப் பார்த்த தலைமுறைக்குச் சொந்த மண்ணின் மேலும் கேள்வி கேட்கும் பழக்கம் தேவைப்பட்டது. உலகப் பொதுமையையும் விமர்சிக்க வேண்டும், ஊர்ப் பெருமையையும் விமர்சிக்க வேண்டும்.

இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் எப்படிச் சேரும் என்பதற்கு ஃபிராம்ப்டன் காட்டியது கோபன்ஹேகனின் புறநகரில் இருக்கும் பவ்ஸ்வேர்ட் தேவாலயம். சிட்னி ஆப்பரா ஹவுஸை வடிவமைத்த யோர்ன் உட்சன் 1976இல் முடித்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பண்ணைக் கிடங்கு போல இருக்கும். ஆலையில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கிய கான்கிரீட் பலகைகள்தான் வெளிச்சுவர். உள்ளே போனால் தலைக்கு மேல் மேகக்கூட்டம் போல வெள்ளைக் கான்கிரீட் ஓடு அலையலையாக எழும்புகிறது. பக்கவாட்டின் மேலிருந்து நுழையும் வெளிச்சம் அந்த வளைவில் பட்டு, திசை தெரியாமல் கீழே பரவுகிறது. வடதேசத்து மங்கலான வெயிலை ஒரு சொட்டு வீணாக்காமல் ஏந்திக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆலைப் பலகை எந்த நாட்டிலும் செய்யக்கூடிய உலகப் பொதுவான தொழில்நுட்பம். அந்த இடத்திலேயே வார்த்த வளைவு ஓடு, அந்த ஒரு கூட்டத்தின் ஒரு வழிபாட்டுக்கானது. வளைவிலோ சீனத்துப் பகோடாக் கூரையின் சாயல் தெரிகிறது என்றார் ஃபிராம்ப்டன்.

அவர் வாசிப்பை எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கும் ஒரு இடத்தில் இடறுகிறது. கட்டடங்களுக்குப் பெயர் சூட்டும் வேலையை நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவர் செய்யும்போது, பெயர் பெறுகிறவர்கள் பெரும்பாலும் ஃபின்லாந்து, போர்ச்சுகல், மெக்சிகோ, ஜப்பான் என்று ஓரத்தில் இருப்பவர்களாகவே இருக்கிறார்கள். நியூயார்க்கும் ஒரு வட்டாரம்தானே? கீத் எக்னர் 2002இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் அழுத்துகிறது. மெக்சிகோவின் லூயிஸ் பாரகான் விஷயத்தை எடுத்துக்கொண்டார். உலகமயத்தை எதிர்க்கும் அமைதியான கலைஞராக அவரைப் பலரும் போற்றினார்கள். ஆனால் 1940களில் மெக்சிகோ நகரத்துக்குத் தெற்கே, எரிமலைப் பாறை வெளியில் பாரகான் உருவாக்கிய எல் பெத்ரெகால், பணக்காரர்களுக்கு மனை போட்டு விற்ற ஒரு தொழில். எதிர்ப்பு என்ற சொல்லைக் கட்டடத்தின் மேல் வைப்பதற்கு முன், அது யாருக்காக, யார் பணத்தில் எழுந்தது என்று கேட்க வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும். சுவரின் சொரசொரப்பும் வெளிச்சத்தின் அழகும் அந்தக் கேள்விக்கு விடையாகாது.

அதனால் கோட்பாடு பயனற்றது என்று நான் நினைக்கவில்லை. அதைப் பட்டமாக வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, ஒரு கட்டடத்தைச் சோதிக்கும் முறையாக வைத்துக்கொண்டால் இன்றும் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஓட்டலின் வரவேற்பறையில் செட்டிநாட்டுத் தூண் நிற்கிறதா? அது எதையாவது தாங்குகிறதா என்று பாருங்கள். முற்றம் இருக்கிறதா? அதன் மேல் கண்ணாடி மூடி, ஏசி ஓடுகிறதா என்று பாருங்கள். தூணையும் முற்றத்தையும் எடுத்துவிட்டால் கட்டடத்தில் வேறெதுவும் மாறாது என்றால், அது வெனிஸ் கூடத்துத் தெருவைச் சேர்ந்தது. மழையும் வெயிலும் நடக்கும் வழியும் சேர்ந்து மாறிவிடும் என்றால், ஊர் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது.

இந்தச் சோதனைக்குத் தமிழ் வாசகர்கள் ஃபின்லாந்து வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி இருக்கிறது. டோக்கியோவில் தொழில் செய்துகொண்டிருந்த, செக் நாட்டில் பிறந்த ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்க இளைஞர் இங்கே தங்கிக் கட்டுமானத்தை முன்னின்று தொடங்கினார். 1930களின் கடைசியில் தொடங்கிய வேலை, உலகப்போரின் தட்டுப்பாடுகளுக்கிடையே ஆசிரமவாசிகளின் கைகளால் நடந்தது. கதவுகளுக்கான பித்தளைப் பொருத்துகளை அன்பர்கள் கொடுத்த பாத்திரங்களை உருக்கி வார்த்ததாகச் சொல்கிறார்கள்.

பொருள் வலுவூட்டிய கான்கிரீட். தோற்றம் சுத்தமான நவீனத்துவம், அலங்காரம் துளியும் இல்லை. ஆனால் அதன் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்து நிற்கின்றன, காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் விழுகிறது. அந்த நீண்ட முகங்களில் சுவருக்குப் பதிலாகத் தரையிலிருந்து கூரை வரை திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். வெயிலுக்கு ஒரு சாய்வு, மழைக்கு ஒரு சாய்வு, காற்று எப்போதும் உண்டு. அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே, இடைவெளி விட்டு அடுக்கிய தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவு. வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாது, காற்று மட்டும் தாண்டிப் போகும். கான்கிரீட் தளத்தின் மேல் இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகள், வெயிலின் சூடு நேராகக் கீழே இறங்காமலிருக்க. லெ கார்புசியேவின் பாரிஸ் விடுதி திறந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள், ஃபிராம்ப்டன் எழுதுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், அந்த விடுதி செய்த பிழைக்கு நேர் எதிரான வேலையை இங்கே செய்தார்கள். பழைய தமிழ் வீட்டின் நகலும் அதில் இல்லை, பிரெஞ்சு மாளிகையின் நகலும் இல்லை.

கோல்கொண்டே இன்றும் ஆசிரமத்தின் தங்கும் விடுதிதான், ஆகவே நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அடுத்த முறை புதுச்சேரி போனால் தெருவிலிருந்தாவது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முகப்பின் அழகைத் தேட வேண்டாம். அந்த நேரத்து வெயிலுக்கு எந்தத் தளத்தின் பலகைகள் எந்தச் சாய்வில் திரும்பியிருக்கின்றன என்று கவனியுங்கள்.